வேலணையிலிருந்து விடியற்கால விமானத்துக்கு: 380 கிலோமீற்றர் இரவும், திரும்பி வரும் வானும்

வேலணையில் ஒரு வீட்டுக்கு முன்னால் பின்னேரம் ஐந்து மணிக்கு ஹயஸ் வான் வந்து நிற்கிறது என்றால், அயலட்டைக்கு விளக்கம் தேவையில்லை. யாரோ வெளிநாடு போகிறார்கள், அல்லது வந்து நின்றவர்கள் திரும்பிப் போகிறார்கள். இரண்டு பெரிய சூட்கேஸ், கைப்பொதி, ஒடியலும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டிய பெட்டி. போகிறவர் ஒருவர், ஏறுகிறவர்கள் எட்டுப் பேர். விமானம் மறுநாள் காலை ஆறரைக்கு, கட்டுநாயக்காவில்.

உலகத்தின் மற்ற இடங்களில் புறநகரிலிருந்து விடியற்கால விமானத்துக்குப் போவது ஒரு மணி நேரக் கேள்வி. யாராவது கொண்டுபோய் இறக்கி விடுவதா, சொந்தக் காரை அங்கேயே நிறுத்திவிட்டுப் போவதா, பஸ் பிடிப்பதா என்பதோடு அது முடிந்துவிடும். தீவகத்தில் இருப்பவர்களுக்கும் இதே மூன்று வழிகள்தான். ஆனால் இங்கே அது ஒரு முழு இரவு, ஒருவழிக்கே ஏறத்தாழ 380 கிலோமீற்றர். அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பணக் கணக்கோடு நிற்பதில்லை. போகிறவர் விமானத்தைப் பிடிப்பாரா, கொண்டுபோய் விட்டவர்கள் உயிரோடு வீடு திரும்புவார்களா என்பதும் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

விமான நிலையம் போய்த் திரும்பிய வான் விபத்துக்குள்ளானது என்ற செய்தி வடக்கில் யாருக்கும் புதிதல்ல. அந்தச் செய்திகளில் அடிக்கடி வரும் சொல் "திரும்பி". அந்தச் சொல்லில் இருந்துதான் இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஆறரை விமானத்துக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது?

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிற்கச் சொல்கிறார்கள். பெரும்பாலான விமானச் சேவைகள் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர் பொதிகளை ஏற்கும் கருமபீடத்தை மூடிவிடும். ஆகவே மூன்றரைக்கு கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. ஐந்தரை என்பது கடைசி எல்லை. அதற்குப் பிறகு போய்க் கெஞ்சியும் பயனில்லை.

இனிப் பாதையைத் துண்டு துண்டாகப் பார்ப்போம். வேலணையிலிருந்து அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாண நகருக்கு அரை மணி நேரம். அங்கிருந்து ஏ-9 வழியாக வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர், இரண்டரை மணி நேரம். வவுனியாவிலிருந்து மதவாச்சி ஊடாக அநுராதபுரத்துக்கு ஒரு மணி நேரம். அநுராதபுரத்திலிருந்து நொச்சியாகம வழியாகப் புத்தளத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம். புத்தளத்திலிருந்து சிலாபம், மாரவில, வென்னப்புவ, நீர்கொழும்பு கடந்து கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர், இரண்டேகால் மணி நேரம். எல்லாம் கூட்டினால் ஏழு மணி முப்பத்தைந்து நிமிடம்.

இது எங்கும் நிற்காமல், எதுவும் குறுக்கே வராமல் ஓடினால்தான். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகிற சாரதி குறைவு. அதற்கும், அநுராதபுரத்திலோ புத்தளத்திலோ தேநீர் குடிப்பதற்கும், சிறுவர்கள் இறங்கி ஏறுவதற்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் போடலாம். ரயர் காற்றுப் போவது, வீதித் தடை, மழை போன்றவற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். மொத்தம் ஒன்பது மணி ஐம்பது நிமிடம். ஆக, வேலணையை விட்டுப் பின்னேரம் ஐந்து நாற்பதுக்கு வான் நகர வேண்டும்.

"ஏன் அவ்வளவு வேளைக்கு? எட்டு மணிக்கு எடுத்தாலும் இரண்டரைக்குப் போய்ச் சேர்க்கலாம்" என்று சொல்கிற சாரதி கெட்டிக்காரர் அல்ல. அதிவேகப் பாதை அல்லாத வீதிகளில் வானுக்கு உயர்ந்தபட்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். நகர்ப்புறங்களில் 50. 380 கிலோமீற்றரை ஆறரை மணி நேரத்தில் ஓடுவதென்றால், ஊர்களையும் சந்திகளையும் சேர்த்துச் சராசரியே 58 வர வேண்டும். வெறும் வீதியில் நூறுக்கு மேல் ஓடாமல் அந்தச் சராசரி வராது. இருட்டில் நூறுக்கு மேல் ஓடுகிற வானின் முன்விளக்கு காட்டுகிற தூரத்துக்குள் அந்த வானை நிறுத்த முடியாது.

இருட்டில் அந்தப் பாதை

பகலில் தெரிந்த வீதி இரவில் வேறு வீதி. வன்னிப் பகுதியில், பரந்தன் தொடக்கம் மாங்குளம் தாண்டியும், ஏ-9 இல் மாடுகள் படுத்திருக்கும். தார் பகல் வெயிலைப் பிடித்து வைத்திருப்பதால் இரவில் அவற்றுக்கு அது சூடான இடம். கறுப்பு மாடு கறுப்பு வீதியில் கண்ணுக்குத் தெரிவது கடைசி நேரத்தில்தான். அறுவடைக் காலத்தில் பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரங்களும் சேரும்.

அநுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் ஆபத்து யானை. நொச்சியாகம, கருவலகஸ்வெவ பக்கங்களில் பொழுது பட்ட பிறகு யானைகள் வீதியைக் கடக்கும். ஒரு யானை கடந்து முடிந்ததும் அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. பின்னால் குட்டியோடு இன்னொன்று நிற்கலாம். தூரத்தில் நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. ஒன்றரை மணி நேர ஒதுக்கீடு இதற்கும் சேர்த்துத்தான்.

கார்த்திகை, மார்கழியில் இதே துண்டுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நோக்கிப் போன பஸ் ஒன்று கலா ஓயாப் பாலத்தடியில் வெள்ளத்தில் சிக்கியது. பயணிகள் பக்கத்து வீடொன்றின் கூரையில் ஏறி இரவைக் கழித்தார்கள். கடற்படையினர் போய் மீட்டார்கள். அது நடந்தது நாம் வழக்கமாக விமானத்துக்குப் போகிற அதே அநுராதபுரம் – புத்தளம் வீதியில். மாரி காலத்தில் ஒன்றரை மணி நேர ஒதுக்கீடு போதாது. ஒரு நாளே ஒதுக்க வேண்டும் என்பது அந்த இரவு சொல்லித் தந்த பாடம்.

வழியனுப்பும் வான்: திரும்பும் பாதி

இப்போது சாரதியின் பக்கத்திலிருந்து அதே இரவைப் பாருங்கள். அவர் காலை ஆறு மணிக்கு எழும்பியிருப்பார். பகலில் ஒரு பள்ளிக்கூட ஓட்டமும் ஒரு சந்தை ஓட்டமும் இருந்திருக்கும். பின்னேரம் ஐந்து நாற்பதுக்கு வேலணையில் வானை எடுக்கும்போதே விழித்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. மூன்றரைக்குக் கட்டுநாயக்காவில் நிற்கும்போது இருபத்தொன்றரை மணி நேரம்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிற ஒருவரின் கைகால் வேகமும் கவனமும், குருதியில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலாகிவிடும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருபத்து நான்கு மணி நேரத்தை நெருங்கும்போது அது 0.10 வீதத்துக்குச் சமம். இலங்கையில் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.08. குடித்த சாரதியின் வானில் நாம் ஏற மாட்டோம். உறங்காத சாரதியின் வானில் பிள்ளை குட்டிகளோடு ஏறுகிறோம்.

போகும்போது வானில் கதை இருக்கும், பாட்டு இருக்கும், பயணத்தின் பரபரப்பு இருக்கும். திரும்பும்போது அழுது முடித்த எட்டுப் பேரும் சிலாபம் வருவதற்குள் உறங்கிவிடுவார்கள். சாரதி தனியாள். விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் உடம்பு இயல்பாகவே உறக்கத்தைக் கேட்கும். சூரியன் ஏறிய பிறகு வன்னி வெயிலில், நேர் கோடாக ஓடுகிற வீதியில், இன்னொரு முறை கேட்கும். நாலரைக்குக் கட்டுநாயக்காவில் திரும்பினால், நிற்காமல் ஓடினாலும் வேலணையை அடைய நண்பகல் பன்னிரண்டு தாண்டும். அப்போது அவர் விழித்து முப்பது மணி நேரம்.

சாரதி உறங்கப் போகிறார் என்பதைக் கண்டுபிடிக்கலாம். கொட்டாவி முதல் அடையாளம், ஆனால் அதைவிட முக்கியமானவை வேறு. வான் மெல்ல வீதியோரக் கிறவலில் ஏறித் திடீரென்று இழுத்து நேராக்கப்படுவது, முன்னால் போகிற லொறியை நெருங்கிய பிறகு பிந்திப் பிரேக் பிடிப்பது, "இப்ப எந்த ஊர் தாண்டினது?" என்று கேட்டால் பதில் தெரியாமல் முழிப்பது. மூன்றாவது வந்துவிட்டால், இரண்டு மூன்று வினாடி உறக்கம் ஏற்கனவே வந்து போய்விட்டது என்று பொருள். மணிக்கு 70 கிலோமீற்றரில் மூன்று வினாடி என்றால் ஏறத்தாழ 58 மீற்றர். யன்னலைத் திறப்பதும், பாட்டைக் கூட்டுவதும், முகம் கழுவுவதும் சில நிமிடத்துக்குத்தான் உதவும். உறக்கத்துக்கு மருந்து உறக்கம் மட்டுமே. தேநீரைக் குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுத்து எழும்பினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். மூன்று நாலு மணி நேரம் படுத்தால்தான் வேலணை வரைக்கும் தாங்கும்.

ஆகவே வான் பேசும்போதே இரண்டில் ஒன்றைப் பேசிக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு சாரதிகள். அதில் ஒருவர் அன்று பகல் முழுக்க வேலை செய்யாதவராக இருக்க வேண்டும், வெறுமனே அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் மச்சானாக அல்ல. மற்றது, ஒரே சாரதி என்றால் திரும்பும் முன் அவர் உறங்குவதற்கு நாலு மணி நேரமும் இடமும். இதைச் சாரதி தானாகக் கேட்க மாட்டார். கேட்டால் அடுத்த ஓட்டம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. வாடகைக்கு எடுக்கிறவர்தான் கேட்க வேண்டும், அதற்கான காசையும் கொடுக்க வேண்டும்.

இறக்கிவிடுவதும் நிறுத்துவதும்

கட்டுநாயக்காவில் புறப்படும் வாசலில் வாகனம் நிற்பது இறக்கி ஏற்றும் நேரத்துக்குத்தான். எட்டுப் பேரும் இறங்கிப் படம் எடுத்துக் கட்டிப்பிடித்து அழுகிற இடம் அதுவல்ல. விடைபெறுவதை நீர்கொழும்புத் தேநீர்க் கடையிலேயே முடித்துக்கொண்டு, வாசலில் போகிறவரும் கூடப்போகும் ஒருவரும் பொதிகளும் மட்டும் இறங்குவது நல்லது. நெரிசல் வேளைகளில் வழியனுப்ப வருபவர்களை உள்ளே விடாத கட்டுப்பாடு அவ்வப்போது வருவதால், உள்ளே கூடப் போகலாம் என்று நம்பியும் திட்டமிடக் கூடாது.

வான் உடனே கட்டணத் தரிப்பிடத்துக்குப் போக வேண்டும். அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வீதியோரத்தில் சுற்றிச் சுற்றி ஓடுகிற வான்களும் உண்டு. ஆனால் அந்தத் தரிப்பிடக் காசில்தான் சாரதியின் முதல் உறக்கம் கிடைக்கிறது. வழியனுப்ப வந்தவர்கள் விமானம் ஏறும் வரைக்கும் நிற்கத் தேவையில்லை. பொதி நிறை கூடியது, கடவுச்சீட்டில் அல்லது விசாவில் பிரச்சினை என்று போகிறவர் திரும்பி வரக்கூடிய இடம் கருமபீடம்தான். இருக்கைச் சீட்டு கைக்கு வந்து, குடிவரவு தாண்டியாயிற்று என்று அவரிடமிருந்து செய்தி வரும் வரை நின்றால் போதும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அது முடியும்.

சொந்தக் காரை அங்கேயே நாள்கணக்கில் நிறுத்திவிட்டுப் போவது கொழும்புப் பக்கத்தாருக்குப் பொருந்தும். நமக்குப் பொருந்தாது. காரணம் கட்டணம் மட்டுமல்ல. திரும்பி வந்து இறங்குகிறவர் இரவு முழுக்க விமானத்தில் இருந்தவர். அவரே சாவியைப் போட்டு எட்டு மணி நேரம் ஓட்டுவதென்றால், மேலே சொன்ன சாரதியின் நிலைதான் அவருக்கும். இரண்டு மூன்று நாள் பயணமாக இந்தியா போய் வருகிறவர்கள்கூட இதை யோசிக்க வேண்டும்.

பஸ்: குறைத்து மதிக்கப்படும் வழி

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவில் ஓடும் பஸ்களில் கணிசமானவை புத்தளம், நீர்கொழும்பு வழியாகவே போகின்றன. ஆகவே கொழும்பு வரைக்கும் போய்த் திரும்பி வரத் தேவையில்லை. கட்டுநாயக்காச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் சில நிமிடத்தில் விமான நிலையம். பஸ்காரரிடம் முற்பதிவின்போதே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எந்த வழியாகப் போகிறது, கட்டுநாயக்காச் சந்தியில் எத்தனை மணிக்கு இறக்குவீர்கள். சில வண்டிகள் குருநாகல் பக்கமாகப் போகும். அதில் ஏறினால் இந்தக் கணக்கு பிழைக்கும்.

நேரத்தைப் பார்ப்போம். இரவு ஏழு மணி பஸ் யாழ்ப்பாணத்தை விட்டால் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் கட்டுநாயக்கா. ஆறரை விமானத்துக்குச் சரி. ஒன்பது மணி பஸ் என்றால் நாலரையிலிருந்து ஐந்தரை. கடைசி எல்லையோடு விளையாடுவது அது. அடுத்த பஸ்ஸில் இடம் இருக்கிறது என்று ஏற்பாட்டாளர் சொன்னாலும் ஆறரை விமானத்துக்கு ஏழு மணி பஸ்தான்.

வேலணையாருக்கு இதில் உள்ள சிக்கல் பஸ்ஸுக்கு முந்திய பதினைந்து கிலோமீற்றர். தீவகத்திலிருந்து நகருக்கு வரும் பஸ்கள் பொழுது பட அருகிவிடும். ஆகவே பஸ் நிலையம் வரைக்கும் ஓட்டோவோ வானோ வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு ஆட்களுக்கு அதற்கும் முன்னால் கடல் இருக்கிறது. குறிகட்டுவானுக்கு வரும் கடைசிப் படகு பின்னேரத்தோடு சரி. மாரிக் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அவர்கள் ஒரு நாள் முந்தியே கடலைத் தாண்டி, வேலணையிலோ நகரிலோ உறவினர் வீட்டில் தங்கிவிட வேண்டும்.

செலவை ஒப்பிட விலை தெரிய வேண்டிய அவசியம் இல்லை, அளவு தெரிந்தால் போதும். வானுக்குப் போக வர 760 கிலோமீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் 76 லீற்றர் டீசல். லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் டீசலுக்கே 22,800 ரூபா. சாரதி கூலியும் வண்டி வாடகையும் அதற்கு மேல். ஒருவர் போனாலும் பத்துப் பேர் போனாலும் இதே செலவு. பஸ்ஸில் போகிறவருக்கு ஒரு சீட்டும், கூடப்போய்த் திரும்பும் ஒருவருக்கு இரண்டு சீட்டும், மொத்தம் மூன்று சீட்டுகள்தான். கைக்குழந்தையோடு, அல்லது நடக்க முடியாத வயோதிபரோடு போகிற குடும்பத்துக்கு வான் தேவை. தனியாக இரண்டு பெட்டியோடு போகிற இளைஞருக்கு அது தேவையில்லை.

முதல் நாளே போய்த் தங்குவது

குடும்பமாக வானில்தான் போக வேண்டும் என்றால், அதே 76 லீற்றரில் இன்னொரு வழி இருக்கிறது. இரவில் போகாமல் பகலில் போவது. காலை பத்து மணிக்கு வேலணையை விட்டால் பின்னேரம் ஆறரைக்கு முன்பின்னாக நீர்கொழும்பு. யானையும் மாடும் படுத்தும் பாடு குறைவு. அங்கே ஓர் அறையோ இரண்டோ எடுத்து எல்லாரும் உறங்கலாம், சாரதியும் உறங்க வேண்டும். மூன்று மணிக்கு எழும்பினால் விமான நிலையம் பத்துக் கிலோமீற்றர் அளவுதான். இறக்கிவிட்டு வந்து மறுபடி படுத்து, காலை ஏழு எட்டுக்குத் திரும்பினால் பின்னேரம் வேலணை. இருட்டில் ஓடிய தூரம் மொத்தமே இருபது கிலோமீற்றர்.

கூடுகிற செலவு அறை வாடகையும் சாரதியின் இன்னொரு நாள் கூலியும். மாரிகாலத்தில் வீதி அடைபட்டாலும் சுற்றிப் போக நேரம் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவுகள் ஒரு விருந்துக்குச் செலவழிக்கிற காசு இதற்குப் போதும்.

ஆனாலும் நம்மவர்கள் ஏன் இன்னும் இரவிலேயே ஓடுகிறார்கள், ஏன் வான் நிறைய ஆட்களோடு ஓடுகிறார்கள்? வெறும் பழக்கம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. 2006 ஓகஸ்டில் முகமாலை மூடப்பட்ட பிறகு, குடாநாட்டை விட்டு வெளியேற இராணுவத்தின் அனுமதியும் கப்பலிலோ விமானத்திலோ ஓர் இடமும் வேண்டியிருந்தது. கொழும்பு போய்ச் சேர்ந்தவர்கள் லொட்ஜ்களில் பொலிஸ் பதிவோடு நாள் எண்ணினார்கள். 2007 ஜூன் 7 விடியப்புறம் அந்த லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பிடித்து பஸ்களில் ஏற்றி வடக்கு நோக்கி அனுப்பினார்கள்; உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது. ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015 ஓகஸ்ட் வரை இருந்தது. தெற்கில் ஓர் இரவு தங்குவது ஆபத்து, போகிற பிள்ளையைத் தனியே விடக் கூடாது, விமானம் ஏறியதும் உடனே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற ஒழுங்கு அந்த ஆண்டுகளில் உருவானது. அன்று அது உயிரைக் காத்த ஒழுங்கு. இன்று அதே ஒழுங்குதான் உறங்காத சாரதியை வீதிக்கு அனுப்புகிறது.

பக்கத்தில் இருக்கும் விமான நிலையம்

இவ்வளவும் எழுதும்போது எல்லாருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு. வேலணையிலிருந்து ஒரு மணி நேரத்தில் பலாலி இருக்கிறதே?

இருக்கிறது. 2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக அது திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் வந்தது. 2024 செப்ரெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. எல்லாம் எழுபது எண்பது பேர் கொள்ளும் ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்கள், பகல் நேரச் சேவைகள்.

சென்னைக்கோ திருச்சிக்கோதான் பயணம் என்றால் இரண்டாவது யோசனை வேண்டாம், பலாலிதான். லண்டனுக்கோ பாரிசுக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் சென்னையில் விமானம் மாறலாமா? மாறலாம். பகலில் பலாலியை விட்டால், சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானங்களுக்கு நேரம் பொருந்தி வரும். ஆனால் இரண்டு பயணச்சீட்டும் ஒரே பதிவில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தனித்தனிச் சீட்டு என்றால் சென்னையில் குடிவரவு தாண்டி வெளியே வந்து, பொதியை எடுத்து, மறுபடி உள்ளே போக வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினாலோ இரத்தானாலோ இரண்டாவது விமானச் சேவைக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. நவம்பர், டிசம்பர் வானிலையில் சிறு விமானங்கள் இரத்தாவது புதிதல்ல. அத்துடன் சிறு விமானத்தில் அனுமதிக்கும் பொதி நிறை, நீண்ட தூர விமானத்தின் அளவை விடக் குறைவாக இருக்கலாம். கூடுதல் நிறைக்குக் கொடுக்கிற காசையும் சேர்த்துத்தான் கட்டுநாயக்கா வானோடு ஒப்பிட வேண்டும்.

பலாலிக்குப் பெரிய விமானங்கள் வர நீண்ட ஓடுபாதையும், இரவில் இறங்குவதற்கான வசதிகளும் வேண்டும். அதற்கு நிலம் வேண்டும் என்ற பேச்சு வரும்போது, யாருடைய நிலம் என்ற கேள்வியும் வந்துவிடும். 1990 இல் பலாலி, வசாவிளான், மயிலிட்டிப் பக்கங்களிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் பலர் இன்னும் தங்கள் காணிக்காகக் காத்திருக்கிறார்கள். பலாலி வீதியின் ஒரு துண்டு 2025 ஏப்ரல் 10 இல் மக்களுக்குத் திறக்கப்பட்டபோதும், காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரை, இடையில் நிறுத்தாமல், இறங்கி நடக்காமல் போக வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் திறந்தார்கள். விடியற்கால விமானம் ஒன்று அங்கே வந்திருந்தாலும் அந்த வீதியால் அதைப் பிடிக்கப் போயிருக்க முடியாது. தீவகத்தாரின் 380 கிலோமீற்றரைக் குறைக்க வலிகாமத்தாரின் காணியை இன்னொரு முறை எடுப்பது தீர்வாகாது. பாதுகாப்பு வலயத்துக்குள் ஏற்கனவே இருக்கிற நிலத்தில் எவ்வளவு விமான நிலையத்துக்கு உண்மையில் தேவை, எவ்வளவு திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்பதை வரைபடத்தோடு பகிரங்கமாகச் சொல்வதில்தான் அது தொடங்கும்.

அதுவரைக்கும்

நிலமும் ஓடுபாதையும் அரசியலின் வேகத்தில்தான் நகரும். அடுத்த கிழமை விமானத்துக்கு அது உதவாது. அதற்கு முன்னால் நம் கையில் இருப்பவை சில.

தனியாகப் போகிறவர் ஏழு மணி பஸ்ஸை எடுக்கலாம். குடும்பமாகப் போகிறவர்கள் பகலில் போய் நீர்கொழும்பில் தங்கலாம். இரவில்தான் போக வேண்டிய கட்டாயம் என்றால் ஐந்து நாற்பதுக்கு வெளிக்கிட்டு, திரும்பும் முன் சாரதியைப் படுக்க வைக்கலாம். வடமாகாணப் போக்குவரத்து அதிகாரிகள் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. குறிகட்டுவானிலிருந்து புங்குடுதீவு, வேலணை ஊடாக, யாழ்ப்பாணத்தின் ஏழு மணி பஸ்ஸுக்குப் பொருந்துகிற ஒரு பின்னேரப் பஸ், சூட்கேஸ் வைக்க இடத்தோடு. விமானத்துக்குப் போகிறவர்கள் இல்லாத கிழமை தீவகத்தில் இல்லை.

வான் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது "எவ்வளவு?" என்றுதான். "தம்பி, நீ இன்றைக்கு எத்தனை மணிக்கு எழும்பினனி?" என்ற கேள்வியை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். காலை ஆறு மணி என்று பதில் வந்தால், அந்த இரவுக்கு வேறு சாரதியைப் பார்ப்பதுதான் முறை.